38 ஸ்லைடும் ஒரு தாளும்

மறுநாள் காலை ஆட்டம். முந்தின நாள் சாயங்காலம் தலைமைப் பயிற்சியாளர் என் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "பசங்களுக்குப் புரியற மாதிரி சுருக்கிக் கொடுப்பா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இருபது நிமிஷம்தான் கிடைக்கும்" என்றார். மாவட்ட ஆண்கள் கபடி அணிக்கு நான் அப்போது உதவிப் பயிற்சியாளர். அரையிறுதியில் எங்களோடு மோத இருந்த அணியின் நான்கு ஆட்டங்களை அவர் திரும்பத் திரும்பப் பார்த்து, 38 ஸ்லைடு போட்டிருந்தார். உண்மையிலேயே நல்ல வேலை. அவர்களுடைய முதன்மை ரெய்டர் எந்தப் பக்கம் நுழைகிறான், எத்தனையாவது நொடியில் கை நீட்டுகிறான், எந்தப் பிடியில் மாட்டுகிறான் என்று எல்லாம் அதில் இருந்தது.

முதலில் நான் எல்லா ஸ்லைடையும் இரண்டு வரியாகச் சுருக்கத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது நான்கு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தால் எல்லா வரியும் எதிரணியைப் பற்றியே பேசின. "போனஸுக்கு அதிகம் போகிறான்" என்று இருக்கிறது. சரி, அவன் போகும்போது எங்கள் ரைட் கார்னர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த நான்கு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ஏழு இடங்களின் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை எழுத ஆரம்பித்தேன்.

அந்த போனஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். தடுக்கிற அணியில் ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டு. அந்த ரெய்டர் எங்கள் ரைட் கார்னர் பக்கம் காலை நீட்டி போனஸ் கோட்டைத் தாண்டுவான். பார்த்தால் கால் கைக்கு எட்டுவது போலவே இருக்கும். கார்னர் பாய்ந்தால் காலை இழுத்துக்கொண்டு கையால் தொட்டுவிட்டுப் போவான். நான்கு ஆட்டத்திலும் இதே தூண்டில்தான். போனஸை விட்டுக்கொடுத்தால் நமக்கு நஷ்டம் ஒரு புள்ளி. நம் ஆள் யாரும் வெளியே போவதில்லை. போனஸ் புள்ளியால், வெளியே உட்கார்ந்திருக்கும் அவர்கள் ஆள் உள்ளே வரவும் முடியாது. ஆனால் தொட்டுவிட்டால் போனஸோடு சேர்த்து இரண்டு புள்ளி, நம் கார்னர் வெளியே, அவர்களில் ஒருவன் உள்ளே. இந்தக் கணக்கு மூன்று ஸ்லைடில் வரைபடத்தோடு இருந்தது. என் தாளில் ரைட் கார்னருக்கு எதிரே எழுதியது இவ்வளவுதான்: "நீட்டின காலைத் தொடாதே. ஊன்றித் திரும்பும்போது கணுக்கால்." அவனுக்குத் துணை வர வேண்டிய ரைட் கவருக்கு: "கார்னர் குனிஞ்சா நீ இடுப்புக்குப் போ. யோசிக்காதே."

அடுத்து, பக்கக் குழப்பம். வீடியோ ரெய்டரின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. அதனால் ஸ்லைடில் "இடது" என்று இருந்ததெல்லாம் எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கு வலது. தாளில் அப்படியே "இடது" என்று எழுதிவிட்டேன். கபடி மேட் மீது மெதுவாக நடந்து பார்க்கும்போது லெப்ட் கார்னர் பையன் உஷாராகிக் குனிகிறான். குனிய வேண்டிய ரைட் கார்னர் நிமிர்ந்து நிற்கிறான். ஸ்கோர் மேசையை அடையாளமாக வைக்கலாமா என்று பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் மேசையும் எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் இடது, வலது என்ற சொற்களை அடியோடு எடுத்துவிட்டு, நம் ஆள் நிற்கும் இடத்தின் பெயரை மட்டும் வைத்தேன். "அவன் ரைட் கார்னரைத் தேடி வருவான்" என்றால் எந்தப் பாதியில் நின்றாலும் அர்த்தம் மாறாது.

களத்துக் குரல்களுக்கு முதலில் "விடு", "பிடி" என்று இரண்டு சொல் வைத்திருந்தேன். கூட்டத்தின் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அதுவும் போக, "பிடி" என்று கத்தினால் ரெய்டருக்கும் தமிழ் தெரியும். அதற்கு வழி சொன்னது, கார்னருக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் ரைட் இன் பையன். "அண்ணே, நானும் கார்னரும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறோம். நான் அழுத்தினா பிடிக்கட்டும், அழுத்தலைன்னா விடட்டும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. கையழுத்தம் அப்படியே தாளில் ஏறியது. குரலில் மிச்சம் வைத்தது "மூணு" மட்டும். இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போய், மூன்றாவதாக வருபவன் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவன் அவுட். அது அவனுக்கும் தெரியும் என்பதால் கத்துவதில் நஷ்டமில்லை. "மூணு" என்று கேட்டால் யாரும் முன்னால் பாயக் கூடாது. அந்த முப்பது நொடியும் நம் பக்கம், அவன்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

இருபது நிமிஷத்தில் பாதியை நான் பேசவேயில்லை. மாற்று ஆட்டக்காரன் ஒருவனை எதிரணி ரெய்டராகப் பாடவிட்டு, இடையில் நிறுத்தி ஆளாளுக்குக் கேட்டேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இப்போ உன் கை எங்கே இருக்கணும்?" என்று கேட்டால் தெரியாதவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பான். லெப்ட் கவர் அப்படித்தான் பார்த்தான். அவனுக்கு எழுதிய வரியில் இரண்டு வேலை இருந்தது. ஒன்றை அடித்து நீக்கினேன்.

ஆட்டத்தில் முதல் பத்து நிமிஷம் தாளில் எழுதியபடியே போனது. போனஸ் இரண்டு கொடுத்தோம், கணுக்கால் ஒன்று பிடித்தோம். அப்புறம் வேறொரு ரெய்டர் வந்து எங்கள் ரைட் கார்னரைத் தொட்டுவிட்டுப் போனான். கார்னர் வெளியே உட்கார்ந்தான், ரைட் இன் நகர்ந்து கார்னரில் நின்றான். அங்கேதான் என் தப்பு வெளியே வந்தது. ரைட் இன்னுக்கு அவனுடைய வரி மனப்பாடம். கார்னரின் வரி அவன் படித்ததேயில்லை. நான் ஒவ்வொருவனுக்கும் அவனவன் வரியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அடுத்த ரெய்டில் முதன்மை ரெய்டர் காலை நீட்டினான், இவன் பாய்ந்தான், இரண்டு புள்ளி போனது. கபடியில் ஆள் வெளியே போவதும் திரும்ப வருவதும் நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கிற காரியம். ஏழு பேரும் அவரவர் இடத்தில் நிற்கும் ஆட்டத்தை மட்டும் மனதில் வைத்து நான் தாள் எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இடைவேளையின் ஐந்து நிமிஷத்தில் புதிதாக எதுவும் சொல்லவில்லை. தாளை எடுத்து ரைட் கார்னர் வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ரைட் இன் பெயரை எழுதி, அந்த வரியை அவனையே இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். கார்னர் இல்லாதபோது கையழுத்தம் யார் கொடுப்பது என்பதையும் முடிவு செய்தோம்: அவனோடு கை கோத்து நிற்பவன், அது யாராக இருந்தாலும்.

இரண்டாம் பாதியில் ஒரு மூன்றாவது ரெய்டு. நாங்கள் ஐந்து பேர், கார்னர் மறுபடி வெளியே. அவன் இடத்தில் ரைட் இன். சென்டரில் இருந்தவன் "மூணு" என்று கத்தினான். ஐந்து பேரும் பின்வாங்கினார்கள். ரெய்டர் கடைசி நொடிகளில் உள்ளே வந்து காலை நீட்டினான். ரைட் இன் அசையவில்லை. கால் ஊன்றித் திரும்பியதும் குனிந்தான், கவர் இடுப்புக்குப் போனான்.

ஆட்டம் மூன்று புள்ளியில் தோற்றோம். முதல் பாதியில் அந்த மாதிரிப் போன புள்ளிகளைச் சேர்த்தால் அதைவிட அதிகம். இப்போது நான் எழுதும் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பெயர் இருக்கிறது. முந்தின நாள் மேட் மீது இரண்டாவது பெயர்க்காரனைத்தான் முதலில் அந்த இடத்தில் நிற்க வைக்கிறேன்.