ரேடிக்ஸ் சோர்ட்: புள்ளி போகிற இடம்

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் கம்பஸ் ஜூனியர்களுக்குக் குப்பி எடுக்கும்போது, அல்கோரிதம் சோதினைக்கு முந்தின கிழமை எப்போதும் வரும் கேள்வி இது: "அண்ணா, n log n-ஐ விட வேகமாக சோர்ட் பண்ண ஏலாது எண்டு படிச்சம். பிறகு கவுண்டிங் சோர்ட் எப்பிடி?"

அந்த எல்லை, இரண்டு இரண்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகளுக்கு மட்டும்தான். நான்கு எண்களை 24 விதமாக அடுக்கலாம். ஓர் ஒப்பீட்டுக்கு ஆம், இல்லை என்று இரண்டே விடை. நான்கு ஒப்பீடுகளால் 16 விதங்களைத்தான் பிரித்தறியலாம், ஆகவே மோசமான நிலையில் ஐந்தாவது வேண்டும். கவுண்டிங் சோர்ட் எதையும் ஒப்பிடுவதில்லை. எண்ணையே அரேயின் இன்டெக்ஸாக எடுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறது. அந்த எல்லை இதைத் தொடாது. விடைத்தாளில் இதை எழுதாமல் வெறும் O(n+k) மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான்.

சரி, மிச்சப் புள்ளி போவது ரேடிக்ஸ் சோர்ட்டில், அதாவது ஒன்றாமிடத்தில் தொடங்கி ஒவ்வோர் இலக்கத்துக்கும் கவுண்டிங் சோர்ட்டை ஓட்டுவதில். 42, 17, 47, 12 என்று வைப்போம். ஒன்றாமிட இலக்கத்தால் அடுக்கினால் 42, 12, 17, 47. அடுத்து பத்தாமிடம். 1 இரண்டு தடவை, 4 இரண்டு தடவை; கூட்டிக்கொண்டு போனால் c[1]=2, c[4]=4. இனி எண்களை இடத்தில் வைக்க வேண்டும்:

```
for (i = n-1; i >= 0; i--)
    out[--c[digit(a[i])]] = a[i];
```

கடைசியிலிருந்து வருவதால் 47 நான்காவது இடம், 17 இரண்டாவது, 12 முதலாவது, 42 மூன்றாவது. விடை 12, 17, 42, 47. இதே லூப்பை முன்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள்: 17, 12, 47, 42. பத்தாமிடம் சரி, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஒன்றாமிடம் தலைகீழ். இப்படி ஒரு விடை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், லூப்பின் திசையைப் பாருங்கள். சம இலக்கம் உள்ளவை பழைய வரிசையிலேயே இருக்க வேண்டும் என்கிற ஸ்டேபிள் தன்மை போய்விட்டது.

எப்போது எதைப் பாவிப்பது என்றும் கேட்பார்கள். புதிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம். நேரே கவுண்டிங் சோர்ட் என்றால் இலட்சம் கோடி இடமுள்ள அரே வேண்டும், நடக்கிற காரியமா? மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் ரேடிக்ஸில் நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் 1000 பெட்டி. பத்து இலட்சம் பேருக்குச் சுமார் 40 இலட்சம் வேலை. மெர்ஜ் சோர்ட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி ஒப்பீடு. (ஓர் ஒப்பீடும் ஓர் எண்ணலும் ஒரே செலவு இல்லைதான், ஆனாலும் வித்தியாசம் விளங்கும்.) ஆனால் 200 பேர் கொண்ட ஒரு பச்சுக்கு, ரேடிக்ஸ் 4×(200+1000) = 4800. மெர்ஜுக்குச் சுமார் 1500 போதும், அங்கே மெர்ஜ் என்றே எழுதுங்கள்.