ஆடி மாத வருமானத்தை வைத்து எழுதிய தையல் கடன் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், துணியும் நூலும் வாங்கப் பொள்ளாச்சி அல்லது கோவை. காலால் மிதிக்கும் மெஷினில் பல வருடங்களாகத் தைத்துக்கொண்டிருந்த நான், பவர் மெஷின் வாங்க முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் கடன் கேட்டேன். அந்தப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கடனில் வாங்கும் மெஷின் மட்டும் வங்கியின் பெயரில் ஈடாக இருக்கும். விண்ணப்பப் படிவத்தோடு, தொழிலைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி வங்கியில் கேட்டார்கள்.

விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு கடையில் தையலுக்கென்று ஒரு தாள் தயாராக வைத்திருந்தார்கள். மாத வருமானம் 40,000 ரூபாய், பன்னிரண்டு மாதமும் அதே தொகை. எனக்கு அது பிடிக்கவில்லை. லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் வாங்கும் கூலி லைனிங் துணியோடு சேர்த்து 250 ரூபாய். ஜாக்கெட் மட்டுமே தைத்து 40,000 வர வேண்டுமானால் மாதம் 160 தைக்க வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு ஆறு. வெட்டுவதிலிருந்து அயர்ன் பண்ணுவது வரை ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஒற்றை ஆளாக ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் மெஷினில் உட்கார முடியாது. கடன் கொடுப்பவர் ஒரே கேள்வியில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் என் தாளை நானே எழுதினேன். தெரிந்த ஆசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

முதலில் செலவு. மேஜையும் மோட்டாரும் சேர்த்து பவர் மெஷின் 27,500 ரூபாய், ஓவர்லாக் மெஷின் 12,500, வெட்டும் மேஜையும் அயர்ன் பாக்ஸும் 8,000, வயரிங்கும் விளக்கும் 5,000, லைனிங் துணி, நூல், கொக்கி, ஃபால்ஸ் முதலிய கையிருப்புச் சரக்கு 12,000. மொத்தம் 65,000. இதில் என் கைப்பணம் 15,000, கடன் 50,000. கைப்பணத்தைத் தனி வரியாகவே எழுதினேன். சரக்கையும் விடவில்லை. மெஷின் வந்த பிறகு லைனிங் வாங்கக் காசில்லாமல் வேறு கடன் வாங்கினால், இந்தக் கணக்கே குலைந்துவிடும்.

மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது மோட்டாரை விசாரித்தேன். பழைய வகை கிளட்ச் மோட்டார், ஸ்விட்ச் போட்டுவிட்டால் பெடலை மிதிக்காதபோதும் ‘உம்’மென்று ஓடிக்கொண்டே இருக்கும். தையற்காரியின் நேரத்தில் பாதி துணியைத் திருப்புவதிலும் பின் குத்துவதிலும் போகிறது. அந்த நேரமெல்லாம் கரண்ட் வீண். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுழலும். விலை கொஞ்சம் கூடுதலானாலும் அதையே கேட்டேன். மின் கட்டணமும் குறைகிறது, தொட்டிலில் குழந்தை தூங்கும் வீட்டில் சத்தமும் இல்லை.

வருமானத்தை இரண்டு விதமாக எழுதினேன்: சாதாரண மாதம், மந்தமான மாதம். சாதாரண மாதத்தில் 40 ஜாக்கெட்டுக்கு 10,000 ரூபாய், 12 சுடிதாருக்கு 350 வீதம் 4,200, ஃபால்ஸ் வைப்பதும் பழைய துணியைப் பிரித்துச் சரிசெய்வதுமாக 1,800. ஆக 16,000. லைனிங்கும் நூலும் 3,400, கொக்கியும் ஹெம்மிங்கும் கையால் தைத்துத் தரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1,000, மின்சாரம் 400, ஊசி, எண்ணெய், சர்வீஸ் 200 போனால் கையில் நிற்பது 11,000.

மந்தமான மாதம் எங்கள் எல்லைப்புறத்தில் இரட்டிப்பு மந்தம். தமிழர் வீட்டில் ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வருகின்றன. இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் இரு தரப்பு வேலையும் கிடைப்பது எங்களுக்கு லாபம் என்றால், இந்த ஒரு மாதம் அதற்கு ஈடான நஷ்டம். 15 ஜாக்கெட், 4 சுடிதார், சில்லறை வேலை எல்லாம் சேர்ந்து 6,000 வரும். செலவு 2,000 போக 4,000 மிஞ்சும். என் பழைய அளவு நோட்டுகளில் மாதவாரியாக இருந்த எண்ணிக்கையிலிருந்து இதை எடுத்தேன். அந்தப் பக்கங்களின் நகலையும் தாளோடு சேர்த்தேன்.

தவணையைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கடனும் சுலபமாகத்தான் தெரியும். என் தாளில் அதை ஆடி மாதத்தோடு ஒப்பிட்டேன். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 1,661 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 9,800 அளவுக்கு வரும். கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் ஏற்கெனவே கட்டிவந்த 600 ரூபாயையும் மறைக்காமல் எழுதினேன். 4,000-இல் இந்த இரண்டும் போக 1,739 மிஞ்சுகிறது. வீட்டுச் செலவு கணவரின் தென்னந்தோப்பு வேலையில் நடக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொன்னேன். அந்த வரி இல்லாவிட்டால், சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வி வரும்.

மேலாளர் தாளைப் படித்துவிட்டு, “ஒரு நாளில் உங்களால் எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும்?” என்றுதான் முதலில் கேட்டார். “இரண்டு, சார். சுடிதாரும் இருந்தால் அன்றைக்கு ஒன்று,” என்றேன். அவர் 26 வேலை நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 40 ஜாக்கெட்டும் 12 சுடிதாரும் அதற்குள் அடங்கின. அதற்கு மேல் வருமானத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பேச்சு நீண்டது தவணை தொடங்கும் மாதத்தில்தான். ஏப்ரலில் பணம் வரும், மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் முழுத் தவணை என்றார். நல்ல மனதோடு கொடுத்த சலுகைதான். ஆனால் ஆகஸ்ட் 10 எனக்கு ஆடி. இங்கே ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. மே மாதம் முழுவதும் சீருடை வேலை குவியும். கையில் காசு புழங்கும்போது தவணை இல்லாமல், காசு வறண்ட மாதத்தில் முதல் தவணை வந்தால், தொடக்கமே தட்டிவிடும். மே மாதம் மட்டும் வட்டி 500 ரூபாய் கட்டுகிறேன், ஜூன் 10 முதல் முழுத் தவணை வையுங்கள் என்று கேட்டேன். நோட்டு நகலில் மே, ஜூன் எண்ணிக்கையைக் காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டு தேதியை மாற்றினார். இதே கடனுக்குப் போகும் பெண்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: சலுகை மாதம் எத்தனை என்று பார்ப்பதோடு, அது முடிந்து முதல் தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்றும் பாருங்கள்.

மெஷின் பணத்தை வங்கி என் கையில் தரவில்லை. கொட்டேஷன் கொடுத்த கடையின் கணக்குக்கே அனுப்பியது. அதனால் கொட்டேஷனில் கடையின் ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு எண், மெஷின் மாடல், மேஜையும் மோட்டாரும் சேர்ந்த விலை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். மோட்டார் தனி, மேஜை தனி என்று பிறகு சொன்னால் அந்த வித்தியாசம் நம் தலையில்தான் விழும். மெஷின் வந்ததும் பில்லின் நகலை வங்கியில் கொடுத்தேன். மேலாளர் வீட்டுக்கு வந்து, மெஷினின் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.