தாளிப்புக்கு எத்தனை டிகிரி?

வீடியோவில் ஒரு வேலை நேர்காணல். ராமநாதபுரத்திலிருந்து ஒரு சமையல்காரர். தோஹாவில் ஒரு ஹோட்டலின் தலைமை செஃப், ஐரோப்பியர். நடுவில், சென்னையில் என் வீட்டு மேசையில் மொழிபெயர்ப்பாளராக நான். செஃப் பேசியது எனக்கு வந்து சேர இரண்டு நொடி ஆனது. நான் தமிழில் சொன்னது ராமநாதபுரத்துக்குப் போக இன்னும் கொஞ்சம்.

இப்படி இருக்கும்போது ஒருவர் பேசி முடித்தாரா, லைன் நின்றதா என்பதே தெரியாது. அதனால் பேசி முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டும்படி முதலிலேயே இருவரிடமும் சொல்லியிருந்தேன். ஒருமுறை படம் உறைந்தபோது, ஒலியாவது தெளிவாக வரட்டும் என்று என் கேமராவை மட்டும் அணைத்தேன். அவர்கள் முகம் எனக்கு வேண்டும்.

ஹோட்டல் சமையலறைப் பதவிப் பெயர்களில் சிக்கல் இல்லை. கமி, டெமி, சி.டி.பி. எல்லாம் சமையல்காரர் வாயிலேயே வந்தன. அவற்றை நான் தமிழாக்கியிருந்தால்தான் குழம்பியிருப்பார்.

"உங்களுக்குக் கைவந்த வேலை எது?" என்று செஃப் கேட்டார்.

"தாளிப்புதான் மேடம். அது சரியா அமைஞ்சா பாதி வேலை முடிஞ்சது."

நான் 'டெம்பரிங்' என்றேன். நம் ஊர் ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் உள்ள சொல்தான். மறுமுனையில் அமைதி. நேரில் என்றால் அந்த அமைதியே என்னை உஷார்ப்படுத்தியிருக்கும். இங்கே நெட் தாமதம் என்று நினைத்துவிட்டேன்.

"எத்தனை டிகிரியில்?" என்றார் செஃப். அப்படியே தமிழில் கேட்டேன்.

"டிகிரியெல்லாம் பாக்க மாட்டேங்க. எண்ணெய் காய்ஞ்சதும் கடுகு வெடிக்கணும். அப்புறம் உளுந்து, சிவந்ததும் கறிவேப்பிலை."

அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செஃபின் புருவம் சுருங்கியது. அப்போதுதான் உறைத்தது. அவருடைய சமையலறையில் டெம்பரிங் என்றால் சாக்லேட்டை உருக்கி, ஆறவைத்து, மறுபடி இளஞ்சூட்டுக்குக் கொண்டுவருவது. டார்க் சாக்லேட்டுக்கு 31, 32 டிகிரி. அதில் டிகிரி பார்க்காதவர் வேலை தெரியாதவர்.

"மொழிபெயர்ப்பாளராக என் சார்பில் பேசுகிறேன்" என்று நிறுத்தினேன். நான் தேர்ந்த சொல் தவறு, அவர் சொன்னது காய்ந்த எண்ணெயில் கடுகையும் கறிவேப்பிலையையும் பொரித்து உணவில் கொட்டுவது என்று விளக்கினேன். சமையல்காரரிடமும் என்ன நடந்தது என்று தமிழில் சொன்னேன். தன்னை விட்டுவிட்டு நாங்கள் தனியாகப் பேசிக்கொண்டதாக அவர் நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு 'தாளிப்பு' என்றே சொன்னேன்.

செஃப் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டார்: "கடுகு கருகிவிட்டால்?"

"கொட்டிட்டுப் புதுசா தாளிப்பேன். கருகின கடுகு கசக்கும். சாம்பாரையே கெடுத்துடும்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, செஃபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நொடி கழித்து அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.