எங்க டீமுக்குப் பொங்கல் வாழ்த்து

பொங்கலோ பொங்கல்! நம்ம டீமில் இந்த வாரம் ஒரு பண்டிகை மட்டும் இல்லை. பஞ்சாப் நண்பர் வீட்டில் லோஹ்ரி. ராத்திரி நெருப்பைச் சுற்றி வந்து எள்ளும் பொரியும் போடுவாங்க. அசாம் தங்கச்சிக்கு மாக் பிஹு; முதல் நாள் ராத்திரி ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, விடியற்காலையில் மூங்கிலும் வைக்கோலும் அடுக்கிக் கட்டின 'மேஜி'யைக் கொளுத்துவாங்க. புனேக்காரர் வீட்டில் எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாப் பேசச் சொல்வாங்க. அவங்கவங்க பண்டிகைக்கு மனசார வாழ்த்துகள்!

இதில் எதையும் கொண்டாடாதவங்களுக்கும் லீவு லீவுதான். "உங்களுக்குத்தான் பண்டிகை இல்லையே"ன்னு யார் தலையிலும் ஷிஃப்டைக் கட்ட மாட்டேன். பொங்கலன்று அவசர அழைப்புகளை நானே பார்த்துக்கறேன். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மத்தவங்க உட்காருவோம்.

லீவு முடிஞ்சு வரும்போது சர்க்கரைப் பொங்கல் கொண்டு வரேன். முந்திரி ஒத்துக்காதவங்களுக்குத் தனி டப்பா உண்டு.