தேர்வு வாசலில் ‘ஜியாயோ’: எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது

சீனாவில் படிக்கப் போகிறவர்களும், சீன மொழித் திறன் தேர்வான எச்.எஸ்.கே-வுக்குத் தயாராகிறவர்களும் சீக்கிரமே கேட்டுவிடும் சொல் ‘ஜியாயோ’. நேர்ப்பொருள் ‘எண்ணெய் சேர்’. பெட்ரோல் பங்க்குக்கே அங்கே ஜியாயோஜான் என்றுதான் பெயர். நம்மில் பலர் இதை ‘ஆல் தி பெஸ்ட்’ என்று மனப்பாடம் செய்துகொள்கிறோம், அது பாதிதான் சரி. இன்னும் கொஞ்சம் முயற்சியைக் கூட்டு என்று எதிரில் இருப்பவரையே தூண்டுகிற சொல் இது, அதனால் அவர் கையில் இன்னும் வேலை மிச்சம் இருக்கும்போதுதான் பொருந்தும்.

இதைப் புரிந்துகொள்ள ஜூன் 7 காலை, கல்லூரி நுழைவுக்கான காவ்காவ் தேர்வு நடக்கும் ஒரு பள்ளி வாசலைப் பார்த்தால் போதும். 9 மணிக்குச் சீன மொழித் தாள். அதற்கு முன்பே ஆசிரியர்கள் சிவப்புச் சட்டையில் வந்து நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரின் கையிலும் தட்டி ஜியாயோ என்கிறார்கள். அம்மாக்கள் பலர் சீபாவ் என்ற சீனப் பாரம்பரிய உடையை அணிந்திருப்பார்கள், ஏனென்றால் ‘கொடி விரித்ததுமே வெற்றி’ என்ற சொற்றொடரும் அதே ‘சீ’ ஒலியில்தான் தொடங்குகிறது. மணி அடித்ததும் அத்தனை சத்தமும் அடங்கிவிடும். ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதி நடக்கிற நேரத்தில் பல நகரங்களில் பக்கத்துச் சாலையில் ஹாரன்கூட அடிக்க விடமாட்டார்கள்.

விளையாட்டு மைதானத்திலும் கூட்டம் இதையேதான் கத்துகிறது, அதற்கு ஒரு காரணம் தாளம். ‘ஜுங்-குவோ, ஜியா-யோ’ என்று நாட்டின் பெயர் இரண்டு அசை, சொல் இரண்டு அசை, ஆயிரம் பேர் கூடினாலும் குழறாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் இதற்கென்று அசைவுகளே வகுத்துக் கொடுத்தார்கள்: இரண்டு முறை கைதட்டிக் கட்டைவிரலை உயர்த்துவது, மறுபடி இரண்டு முறை தட்டி முஷ்டியை நீட்டுவது. அதே ஆண்டு மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கத்தின்போதும், 2020-இல் ஊரடங்கில் இருந்த வூஹானில் மக்கள் ஜன்னல் வழியாகக் கத்தியபோதும் அதே வடிவம்தான், முன்னால் ஊர்ப்பெயர் மட்டும் மாறியது.

சரி, எச்.எஸ்.கே தேர்வுக்கு வருவோம். எழுத்துப் பகுதியில் நம்மவர்கள் தடுமாறும் இடம் இது: ‘வோ ஜியாயோ நீ’ என்று ‘உன்னை’ என்று பொருள்படும் ‘நீ’யைப் பின்னால் ஒட்டக்கூடாது. ஜியா வினை, யோ அதன் செயப்படுபொருள், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஆகவே ஆளை முன்னால் கொண்டுவந்து ‘வோ கெய் நீ ஜியாயோ’ என்று எழுத வேண்டும். யாராவது உங்களிடம் ஜியாயோ சொன்னால் நன்றிக்கு ‘சியே-சியே’, அப்புறம் ‘வோ ஹுய் ஜியாயோ த’, அதாவது முயற்சி செய்வேன். தேர்வு முடிந்து களைத்து வெளியே வருகிறவரிடம் மட்டும் ஜியாயோ வேண்டாம், ‘சின்கு-ல’, நிறையப் பாடுபட்டாய் என்று சொல்லுங்கள்.