மூலைத் தொட்டி

மார்ச் 3

மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் 20. அதிகபட்சம் 250 சொல். ஒன்று கூடினாலும் படிவம் ஏற்காது. ஆறு மாத வேலையைச் சுருக்கத் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இது. அலையாத்திக் காட்டு மரங்களில் ஒன்றான வெண்கண்டலின் நாற்றுகள் 200. உப்பளவு ஐந்து: லிட்டருக்கு 0, 10, 20, 30, 40 கிராம். கடல்நீர் சுமார் 35 கிராம். ஆகவே கடைசி அளவு கடலையே தாண்டிய கரிப்பு. ஒவ்வோர் அளவுக்கும் நான்கு தொட்டி, தொட்டிக்கு 20 லிட்டர் தண்ணீர், அதில் மணல் நிரப்பிய பத்துச் சட்டி, சட்டிக்கு ஒரு நாற்று. அதிர்ச்சியில் சாகக்கூடாது என்று உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினோம். 180 நாள் கழித்து, ஒவ்வோர் அளவிலும் நாற்பதுக்கு எத்தனை என்று எண்ணியபோது உயிரோடு இருந்தவை வரிசையாக 31, 37, 36, 33, 22.

சுருக்கத்தின் முக்கிய வரியை இப்படி எழுதினேன்: "உப்பளவு நாற்றுகளின் உயிர்பிழைப்பைக் கணிசமாகப் பாதிக்கிறது (200 நாற்றுகள், p < 0.001)." உப்புக்கு விளைவே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வர ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்பது அந்த p-க்குப் பொருள். கம்பீரமாக இருந்தது. ஆய்வு வழிகாட்டியான மேடத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மார்ச் 5

மேடத்திடமிருந்து திரும்பி வந்தது. முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு திருத்தம்தான். "200 நாற்றுகள்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில், "உப்பை எதில் கரைத்தாய்?" என்று கேட்டிருந்தார்.

தொட்டியில்தான் கரைத்தேன். புரிய அரை நாள் ஆனது.

ஒரு தொட்டியில் இருக்கும் பத்து நாற்றும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன. அந்தத் தண்ணீருக்கு ஏதாவது நேர்ந்தால் பத்துக்கும் சேர்ந்துதான் நேரும். அப்படியிருக்க, அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது ஒரே வீட்டில் பத்துப் பேரைக் கேட்டுவிட்டுப் பத்து வீட்டைக் கேட்டேன் என்று சொல்வதுபோல. உப்பளவை நான் தொட்டிக்குத்தான் கொடுத்தேன், நாற்றுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே என்னிடம் இருப்பது 200 சாட்சி அல்ல, 20. புள்ளியியல் வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். தொட்டிகளைப் பார்க்கும்போது நாற்றுகள்தான் கண்ணில் படுகின்றன, தொட்டி படுவதில்லை.

மார்ச் 6

தொட்டி வாரியாகப் பிரித்து எழுதினேன், பத்துக்கு எத்தனை பிழைத்தது என்று.

0 கிராம்: 8, 8, 7, 8
10 கிராம்: 9, 10, 9, 9
20 கிராம்: 9, 9, 8, 10
30 கிராம்: 9, 8, 8, 8
40 கிராம்: 9, 8, 4, 1

முதல் நான்கு வரிசையும் ஒழுங்குப் பிள்ளைகள். கடைசி வரிசை ஏதோ சண்டை நடந்த வீடு மாதிரி இருக்கிறது.

இந்த 20 எண்களை வைத்து மாறுபாட்டுப் பகுப்பாய்வை மறுபடி ஓட்டினேன். உப்பளவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒரே அளவுத் தொட்டிகளின் சிதறலோடு ஒப்பிடும் F மதிப்பு 2.96 வந்தது. 5 சதவீத எல்லையைத் தொட 3.06 வேண்டும். கம்பீரமான p < 0.001 ஒரே மதியத்தில் 0.05-க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்றுகள் அதே, சாவுகளும் அதே; எண்ணும் அலகு மட்டும் மாறியது.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. ஒரே உப்பளவுத் தொட்டிகளுக்கிடையே இருக்கும் சிதறல் கிட்டத்தட்ட முழுவதும் 40 கிராம் வரிசையிலிருந்தே வருகிறது. எல்லா வரிசையிலும் சிதறல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் சோதனைக்கு இந்தத் தரவு பொருந்தவே இல்லை. வேறு மாதிரி சோதனைக்கு மாற்றலாம், அது சரியும்கூட. ஆனால் ஒரே உப்பளவில் ஒரு தொட்டியில் ஒன்பது பிழைக்க, இன்னொன்றில் ஒன்பது சாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளை அல்ல, தொட்டியை.

மார்ச் 8

நிழல்வலைக் கூடத்துக்குப் போனேன். 40 கிராம் தொட்டிகள் நான்கும் கடைசி வரிசையில், தகரத் தடுப்பை ஒட்டி இருக்கின்றன. உப்புத் தண்ணீரைத் தூக்க வசதி என்று நான்தான் அப்படி வைத்தேன். சீட்டுக் குலுக்கி இடம் மாற்றியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பிழைத்த தொட்டி மூலையில் இருப்பது. வலை அங்கே முடிந்துவிடுகிறது, மதியத்துக்குப் பிறகு நேர் வெயில். நான்கு பிழைத்தது அதற்கு அடுத்தது.

வெயில் என்றால் ஆவியாதல். ஆனால் பதிவேட்டில் அந்தத் தொட்டியின் உப்பளவு ஒவ்வொரு முறையும் 40, 40, 41, 40. குற்றமே சொல்ல முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டியதில் ஓரிடத்தில் பென்சிலில் "61 ?" என்று இருந்தது. என் கையெழுத்துத்தான். உப்பளவுமானியின் கண்ணாடியை யாரோ துடைக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கேள்விக்குறி போட்டது நினைவுக்கு வந்தது. மற்ற அளவுகளெல்லாம் தண்ணீர் மாற்றிய அன்றே எடுத்தவை. இது மட்டும், வேறு எதற்கோ கருவியை எடுத்த சமயம், தண்ணீர் மாற்றிய பன்னிரண்டாம் நாள்.

புதுத் தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே அளந்தால் 40 காட்டாமல் என்ன செய்யும்!

தண்ணீர் மாற்றுவது பதினான்கு நாளைக்கு ஒருமுறை. நடுவில் ஏழாம் நாள் குறைந்ததை நிரப்புவோம். நிரப்பும் வேலை பார்த்த தம்பியைக் கூப்பிட்டு, எந்தத் தண்ணீரால் நிரப்பினாய் என்று கேட்டேன்.

"அந்தந்தத் தொட்டிக்கு அந்தந்த உப்புத் தண்ணிதான், அக்கா. கோடு வரைக்கும் நிரப்பச் சொன்னீங்க. எதால நிரப்பணும்னு சீட்டுல எழுதல."

எழுதவில்லைதான்.

மார்ச் 9

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 40 கிராம் தொட்டியில் 20 லிட்டர், ஆக 800 கிராம் உப்பு. ஏழு நாளில் 5 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. 15 லிட்டரில் அதே 800 கிராம், லிட்டருக்கு 53. இப்போது சாதாரண நல்ல தண்ணீர் 5 லிட்டர் ஊற்றினால் மறுபடி 40-க்கு வந்துவிடும். நாங்கள் ஊற்றியது 40 கிராம் கரைசல். அதோடு இன்னும் 200 கிராம் உப்பு உள்ளே போகிறது: 20 லிட்டரில் 1,000 கிராம், லிட்டருக்கு 50. அடுத்த ஏழு நாளில் இன்னொரு 5 லிட்டர் போனால் 67. அதற்குப் பிறகு தண்ணீரை மாற்றி அளந்து 40 என்று எழுதிவைப்போம்.

இதே கணக்கில் பன்னிரண்டாம் நாள் எவ்வளவு இருக்கும் என்று போட்டேன். 61. பென்சில் எண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

5 லிட்டர் என்பது என் ஊகம்தான். 61-க்குப் பொருந்துகிறது என்பதால் உண்மையாகிவிடாது. தொட்டிகள் இன்னும் காலி செய்யப்படவில்லை. அளந்துவிடலாம். இருபது தொட்டியிலும் நாற்றில்லாத மணல் சட்டிகளை வைத்து, அந்தந்த உப்புத் தண்ணீரைக் கோடு வரை ஊற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 12

காத்திருக்கும் வாரத்தில் மேடம் இன்னொரு கேள்வி அனுப்பினார்: எந்த நாளின் எண்ணிக்கையை முடிவில் போடப் போகிறாய்? 30-ஆம் நாள் என்றால் 200-இல் 196 உயிரோடு இருந்தன, 40 கிராமிலும்கூட. அதில் ஆச்சரியமில்லை. வெண்கண்டலின் விதை மரத்திலேயே உள்ளுக்குள் முளைத்துத்தான் விழுகிறது. தடித்த இரண்டு விதையிலைகளும் கட்டுச்சோறு மாதிரி கூடவே வரும். அது தீரும்வரை நாற்று வேருக்கு வந்த தண்ணீரின் தரத்தை வெளியே காட்டிக்கொள்ளாது. எங்கள் நாற்றுகளில் சாவு தொடங்கியது விதையிலைகள் சுருங்கி விழுந்த பிறகு. ஆகவே 180-ஆம் நாள்தான்.

எது சாவு என்பதையும் சுருக்கத்தில் ஒரு வரி சொல்ல வேண்டும். இலை உதிர்ந்ததெல்லாம் செத்ததில்லை. நகத்தால் தண்டை லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இல்லை. இரண்டு இடத்தில் கீறிப் பார்த்துத்தான் எண்ணினோம். அந்த ஒன்றிலாவது நான் ஒழுங்காக இருந்திருக்கிறேன்.

மார்ச் 16

ஏழு நாள் முடிந்தது. லிட்டர் குவளையால் நல்ல தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, எத்தனை குவளை என்று எண்ணினோம். மற்ற வரிசைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஏறக்குறைய 2 லிட்டர். கடைசி வரிசையில், உள்ளிருந்து மூலையை நோக்கி: 2, 2, 4, 5. பிழைத்தவை அதே வரிசையில் 9, 8, 4, 1.

தம்பி எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் குவளையைப் பார்த்தேன்.

இதன்படி, 40 என்று பெயர் வைத்த உள்பக்கத் தொட்டிகள் இரண்டும் ஒவ்வொரு பதினான்கு நாளிலும் 40-இல் தொடங்கி 49 வரை போயிருக்கின்றன. மூன்றாவது 60 வரை, மூலையில் இருந்தது 67 வரை. 30 என்று பெயர் வைத்தவையும் 37-ஐத் தொட்டிருக்கும். 0 கிராம் மட்டும் சொன்ன சொல்லில் நின்றது. அதில் ஏற உப்பே இல்லை.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் முடியாது. நாற்று இருந்தபோது இலை வழியாகவும் தண்ணீர் போயிருக்கும். ஆறு மாதமும் வெயில் ஒரே மாதிரி இருந்திருக்காது. ஒரு வார அளவு எந்தத் தொட்டி அதிகம் இழந்தது என்று வரிசைப்படுத்தும், அன்றைக்கு உப்பு எத்தனை கிராம் என்று சத்தியம் செய்யாது. தவிர, நான்கே தொட்டி.

மார்ச் 18

மூலைத் தொட்டியை விட்டுவிட்டு எழுதலாமே என்று கூட ஆய்வு செய்யும் ஒருவர் சொன்னார். விட்டால் 40 கிராமின் சராசரி பத்துக்கு 7 ஆகிறது, படம் அழகாக இறங்குகிறது. ஆனால் ஆவியாதல் எல்லாத் தொட்டியிலும் நடந்தது. மூலையில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நடந்தது. அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் 19 தொட்டியும் சரியாக இருந்ததாக நானே நம்பத் தொடங்கிவிடுவேன். இருக்கட்டும்.

முடிவுப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"ஒவ்வோர் உப்பளவுக்கும் நான்கு தொட்டிகள், பகுப்பாய்வின் அலகு தொட்டி. லிட்டருக்கு 0 முதல் 30 கிராம் வரை தயாரித்த கரைசல்களில் 180 நாளில் 78 முதல் 93 சதவீத நாற்றுகள் பிழைத்தன. 40 கிராமில் சராசரி 55 சதவீதம். ஆனால் தொட்டிகளுக்கிடையே 10 முதல் 90 வரை வேறுபட்டது. இடையில் குறைந்த நீர் அதே கரைசலால் நிரப்பப்பட்டதால் உப்பு சேர்ந்தது. அதிக நீரை இழந்த தொட்டிகளிலேயே அதிக நாற்றுகள் இறந்தன. இத்தொட்டிகள் ஒரே வரிசையில் இருந்ததால் இடத்தின் விளைவையும் உப்பின் விளைவையும் பிரித்துச் சொல்ல இயலாது."

"கணிசமாக" என்ற சொல் எங்கேயும் இல்லை. தலைப்பிலிருந்த "உப்பளவின் தாக்கம்" என்பதை எடுத்துவிட்டு "தயாரித்த உப்பளவும் நாற்று சந்தித்த உப்பளவும்" என்று வைத்தேன். மேடம் தலைப்பில் கைவைக்கவில்லை. "இயலாது" மட்டும் இரண்டு இடத்தில் வந்திருந்தது, ஒன்றை வெட்டினார்.

மார்ச் 20

அனுப்பியாயிற்று. 247 சொல். மேடை உரையா, சுவரொட்டியா என்று கேட்ட இடத்தில் சுவரொட்டியைத் தேர்ந்தெடுத்தேன். தொட்டி வரிசையின் படத்தைக் காட்டி விரலால் சுட்டிப் பேச அதுதான் வசதி.

மதியம் கூடத்துக்குப் போனபோது மூலைத் தொட்டியில் பிழைத்த அந்த ஒற்றை நாற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தான் தம்பி. நாலு இலை. மேல்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது, இலை தானே வெளியே தள்ளிய உப்பு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. சுவரில் ஒட்டியிருந்த வேலைச் சீட்டில் "கோடு வரை நிரப்பவும்" என்பதற்குக் கீழே அவன் பட்டைப் பேனாவால் எழுதியிருக்கிறான்: "நல்ல தண்ணியால். நிரப்பும் முன்னும் பின்னும் அளக்கவும்."