மூன்று புள்ளியில் 406, நான்கு புள்ளியில் 340: செராமிக் வளைவுச் சோதனையை வைவாவில் விளக்குவது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் படித்துக்கொண்டு செராமிக் ப்ராஜெக்ட் எடுப்பவர்கள், பார்களை எடுத்துக்கொண்டு சோதனைக்குக் கோவைக்கு இறங்குவார்கள். திரும்பி வரும்போது கையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரே தொகுதி அலுமினா, ஒரே அளவு பார், ஒரே மெஷின். மூன்று புள்ளி வளைவில் சராசரி 406 மெகாபாஸ்கல் என்றும் நான்கு புள்ளியில் 340 என்றும் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைவாவில் முதல் கேள்வியே "இதில் எது சரி?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டும் சரி. ஏன் என்று கணக்கோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "சோதனைப் பிழை" என்று சொல்லிவிட்டால் அடுத்த பத்து நிமிடமும் கேள்விகள் அங்கேயே நிற்கும்.

அளவுகளை முதலில் வைத்துக்கொள்வோம். ஏ.எஸ்.டி.எம். சி1161 சொல்லும் 'பி' வகைப் பார்: 3 மி.மீ. தடிமன், 4 மி.மீ. அகலம், குறைந்தது 45 மி.மீ. நீளம். கீழ் ரோலர்களுக்கு இடையே 40 மி.மீ. நான்கு புள்ளியில் மேல் ரோலர்களுக்கு இடையே 20 மி.மீ. கிராஸ்ஹெட் வேகம் நிமிடத்துக்கு 0.5 மி.மீ. F உடையும் விசை, L கீழ் ஸ்பான், b அகலம், d தடிமன் என்றால்:

```
மூன்று புள்ளி:  σ = 3FL / (2bd²)
நான்கு புள்ளி:  σ = 3FL / (4bd²)
```

இந்த அளவுகளைப் போட்டால், 406 மெகாபாஸ்கலில் உடைந்த பார் சுமார் 244 நியூட்டனில் உடைந்திருக்கும். 340-இல் உடைந்தது 408 நியூட்டன் தாங்கியிருக்கும். நான்கு புள்ளியில் விசை அதிகம், வலிமை குறைவு. இதைப் பார்த்துக் குழம்பி, சமன்பாட்டை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நான்கு புள்ளியில் விசை இரண்டாகப் பிரிந்து, 10 மி.மீ. நெம்பு தூரத்தில்தான் வேலை செய்கிறது. அதனால் அதே தகைவுக்கு இருமடங்கு விசை வேண்டும். குழப்பம் அவ்வளவுதான். d-க்கு இருபடி இருப்பதை மட்டும் மறக்க வேண்டாம். 3.00 என்பதை 2.95 என்று அளந்தால் வலிமை 3 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். மைக்ரோமீட்டரால்தான் அளக்க வேண்டும், வெர்னியர் போதாது.

"வேகம் மாறியிருக்குமோ?" என்றும் கேட்பார்கள். இந்த இரண்டு அமைப்பிலும், கீழ்ப் பரப்பின் திரிபு வீதம் ஒரே சமன்பாட்டில்தான் வருகிறது: 6ds/L². இதில் s கிராஸ்ஹெட் வேகம். நம் அளவுகளுக்கு இது விநாடிக்கு ஏறக்குறைய 0.0001. ஆகவே வித்தியாசத்துக்குக் காரணம் வேகம் இல்லை.

காரணம், பாரின் எவ்வளவு பகுதி உச்சத் தகைவை அனுபவிக்கிறது என்பதில் இருக்கிறது. செராமிக் நெகிழ்ந்து கொடுக்காது. உள்ளே இருக்கும் துளையோ, சாணைக் கீறலோ, பெரிய தானியமோ, எது முதலில் தாங்க முடியாமல் போகிறதோ அதிலிருந்து உடையும். மூன்று புள்ளியில் உச்சத் தகைவு நடு ரோலருக்கு நேர் கீழே, அடிப்பரப்பில் ஒரே ஒரு கோட்டில் மட்டும். அந்தக் கோட்டிலிருந்து 1 மி.மீ. தள்ளினால் தகைவு 5 சதவீதம் குறைகிறது. 4 மி.மீ. தள்ளினால் 20 சதவீதம். பெரிய குறை ஒன்று 4 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தால், அது தப்பித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. நான்கு புள்ளியில் நடு 20 மி.மீ. முழுவதும் அடிப்பரப்பு ஒரே தகைவில் இருக்கிறது. அங்கே அது தப்பிக்க முடியாது.

எவ்வளவு என்று சொல்ல, பாருக்குப் பார் வலிமை எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் வெய்புல் மாடுலஸ் m வேண்டும். m குறைந்தால் சிதறல் அதிகம். m = 10 என்று எடுத்துக்கொள்வோம். 0.8-இன் பத்தாவது அடுக்கு சுமார் 0.11. அதாவது உச்சத் தகைவில் 80 சதவீதம் மட்டும் பெறும் இடம், உடைவைத் தீர்மானிப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு கனம்தான் பெறுகிறது. ஆழத்திலும் இப்படித்தான். அடிப்பரப்பிலிருந்து 0.3 மி.மீ. மேலே போனாலே தகைவு 80 சதவீதமாகிவிடும். 3 மி.மீ. பாரில் உண்மையில் சோதிக்கப்படுவது அந்த மெல்லிய அடி அடுக்கு என்றே சொல்லலாம். பாரின் நீளவாக்கில் சாணை பிடிக்கச் சொல்வதும், அடி விளிம்புகளை 0.12 மி.மீ. அளவுக்கு 45 டிகிரியில் சாய்த்து எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இந்தக் கனங்களையெல்லாம் கூட்டினால் கிடைப்பது பயனுறு கனஅளவு. முழுவதும் ஒரே இழுதகைவில் இருக்கும் எவ்வளவு கனஅளவுக்கு இந்தப் பார் சமம் என்பதை அது சொல்கிறது. V = bdL = 480 கன மி.மீ.

```
மூன்று புள்ளி:  Ve = V / [2(m+1)²]        = 1.98
நான்கு புள்ளி:  Ve = V(m+2) / [4(m+1)²]   = 11.9
வலிமை விகிதம்:  σ3/σ4 = (Ve4/Ve3)^(1/m) = [(m+2)/2]^(1/m)   = 6^(0.1) ≈ 1.20
```

340-ஐ 1.196-ஆல் பெருக்கினால் 406 அல்லது 407. ஆரம்பத்தில் பார்த்த இரண்டு எண்களும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. m = 20 ஆக இருந்திருந்தால் விகிதம் 1.13 ஆகச் சுருங்கும். m = 5 என்றால் 1.28 ஆகும். சிதறல் அதிகமான பொருளில்தான் சோதனை வடிவம் எண்ணை அதிகமாக மாற்றும்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் விகிதம் பொருந்திவிட்டதால் குறைகள் பாரின் உள்ளே இருக்கின்றன என்று நிரூபித்ததாக ஆகாது. குறைகள் பரப்பில் மட்டும் இருந்தாலும், விளிம்பில் மட்டும் இருந்தாலும், இந்த இரண்டு அமைப்புக்கும் இடையே விகிதம் அதே (m+2)/2 தான். நீளவாக்கில் தகைவு மாறும் விதம் ஒன்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாடு கடிக்கப்போவது, வளைவு எண்ணை எடுத்து உண்மையான பாகத்துக்குப் போகும்போது. 3 × 4 × 40 மி.மீ. உள்ள ஒரு துண்டை நேராக இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறைகள் உட்புறத்தில் என்றால் 11.9-இலிருந்து 480 கன மி.மீ.க்குப் போகிறோம். 340 என்பது 235 ஆக விழுகிறது. குறைகள் பரப்பில் என்றால் நான்கு புள்ளியின் பயனுறு பரப்பு சுமார் 93 சதுர மி.மீ., இழுவையில் பக்கப் பரப்பு 560. இப்போது 340 என்பது 284 ஆகத்தான் விழுகிறது. ஏறக்குறைய 50 மெகாபாஸ்கல் வித்தியாசம். எதை நம்புவது என்பதை உடைந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆகவே உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஏற்றுவதற்கு முன்பே பாரின் இரண்டு முனைகளிலும் எண் எழுதுங்கள், எது அடிப்பக்கம் என்றும் பென்சிலால் குறியுங்கள். சுற்றிலும் பஞ்சு வைத்தால் துண்டுகள் பறக்காது, முகமும் சிதையாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நான்கு புள்ளியில் வலுவான பார் மூன்றாக உடைவது சகஜம். ஒரு மேல் ரோலரின் கீழே நேராக வெட்டினாற்போல் இருக்கும் உடைவு, பெரும்பாலும் முதல் உடைவின் அதிர்ச்சியால் பின்னால் வந்தது. முதல் உடைவின் முகத்தில், அடிப்பக்கத்தை ஒட்டி மழமழப்பான ஒரு வட்டப் பகுதி தெரியும். அதன் நடுவில்தான் தொடங்கிய இடம். எதிர்ப்பக்கத்தில் உதடு போல் வளைந்த விளிம்பு இருக்கும்.

விகிதம் 1.20 வர வேண்டிய இடத்தில் வராவிட்டால், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பாருங்கள். 1.10 அளவுக்குச் சுருங்கியிருந்தால் முதலில் ரோலர்களைச் சந்தேகப்படுங்கள். ரோலர் சுழலாமல் சிக்கிக்கொண்டால் உராய்வு வளைவை எதிர்த்து நிற்கும், நாமோ அதையும் சேர்த்து வலிமை என்று எழுதிவிடுவோம். நான்கு புள்ளியில் நெம்பு தூரம் குறைவு, மேல் ரோலர்களும் உராய்கின்றன. அதனால் அங்கே மூன்று புள்ளியைவிட இந்தப் பிழை பெரிது. ரோலரை விரலால் உருட்டிப் பாருங்கள், ரப்பர் பட்டை அதை இறுகப் பிடித்திருக்கக் கூடாது.

விகிதம் 1.30-ஐ நோக்கி ஏறியிருந்தால் மேல் ஜோடி நடுவில் இல்லாமல் இருக்கலாம். அரை மி.மீ. தள்ளியிருந்தாலே ஒரு மேல் ரோலரின் கீழே தகைவு 2.4 சதவீதம் கூடும், மற்றதன் கீழே 2.6 சதவீதம் குறையும். உடைவுகள் எல்லாம் ஒரே ரோலரின் கீழே குவிவது இதற்கு அடையாளம். ஒன்றிரண்டு அங்கே உடைவது பரவாயில்லை, அவற்றை நீக்கிவிட வேண்டாம். சூளையிலிருந்து எடுத்தபடியே, சாணை பிடிக்காமல் சோதிக்கும் பார் கொஞ்சம் முறுக்கியிருக்கும். அதற்கு ரோலர்கள் தனித்தனியே சாயும் பிக்ஸ்சர் வேண்டும். m-ஐயும் சந்தேகப்படுங்கள். உண்மையில் 10 ஆக இருக்கும் m, பத்துப் பார் மட்டும் உடைத்தால் 8 என்றும் வரும், 15 என்றும் வரும். 30 பார் கேட்பது அதனால்தான். சாணைக்கூலி கட்டுப்படியாகாவிட்டால், 15 + 15 என்று பிரிக்காமல் முப்பதையும் நான்கு புள்ளிக்கே கொடுங்கள் என்பது எங்கள் கருத்து. மூன்று புள்ளி எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பொருள் மிகக் குறைவு, அல்லது இரண்டு கலவையில் எது மேல் என்று சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மூன்று புள்ளி போதும்.

மலையில் இருப்பவர்கள் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலுமினாவிலும் கண்ணாடியிலும், காற்றில் உள்ள நீராவி விரிசல் நுனியில் வேலை செய்து, உடைவதற்கு முன்பே விரிசலை மெல்ல நீட்டும். மூன்று புள்ளியை ஜூலை மூடுபனியில் குன்னூரிலும், நான்கு புள்ளியை உலர்ந்த ஏ.சி. அறையில் கோவையிலும் செய்துவிட்டு இரண்டையும் வகுக்காதீர்கள். ஒரே நாளில், ஒரே அறையில், பார்களைக் குலுக்கி மாற்றி மாற்றி உடையுங்கள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ரெக்கார்டில் எழுதுங்கள். காட் ரோட்டில் கொண்டுபோகும்போது பார்களை ஒரே டப்பாவில் போட்டால், மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஒன்றோடொன்று உரசிப் புதுக் கீறல்கள் விழுந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியாக டிஷ்யூவில் சுற்றுங்கள். குளிர்ந்த பாரைக் கீழே கொண்டுபோனவுடன் பிரித்தால் மேலே பனி படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து, பிறகு பிரித்து அளவெடுங்கள்.